ஒன்லைன் வகுப்புப் பதிவைச் சிறிதாக்குவது: ஃப்ரேமைக் குறைப்பதும் குரலைக் காப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்றரை மணித்தியால வகுப்பு 1.8 ஜி.பி. வருகிறது. படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இதை எப்படி அனுப்புவது?

ஏறக்குறைய 150 எம்.பி.க்குக் கொண்டுவரலாம். எழுத்தும் தெளிவாக இருக்கும், குரலும் கெடாது.

இந்தப் பக்கம் முழுக்க அந்த ஒரு பதிவையே வைத்துப் பார்ப்போம். மட்டக்களப்பு நகரில் இருந்து உயர்தர உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர் சூமில் வகுப்பு எடுக்கிறார். திரையை ஓபிஎஸ் மென்பொருள் பதிவு செய்கிறது. திரை 1080, செக்கனுக்கு 30 ஃப்ரேம், படத்துக்குச் செக்கனுக்கு 2500 கிலோபிட், ஒலிக்கு 160 கிலோபிட். இரண்டையும் கூட்டினால் 2660. ஒன்றரை மணித்தியாலம் என்பது 5400 செக்கன். பெருக்கி 8ஆல் பிரித்தால் அந்த 1.8 ஜி.பி. வந்துவிடும்.

இதில் ஒலியின் பங்கு 108 எம்.பி. மட்டுமே. மீதி எல்லாம் படம். அந்தப் படத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்: ஒரு சிலைட் மூன்று நான்கு நிமிடம் அசையாமல் நிற்கிறது, அதன்மேல் மவுஸ் அம்பு அங்கும் இங்கும் போகிறது, மூலையில் ஒரு சின்னச் சதுரத்தில் ஆசிரியரின் முகம் அசைகிறது. இதற்குச் செக்கனுக்கு 30 படம் தேவையே இல்லை. வெல்லாவெளியிலோ கொக்கட்டிச்சோலையிலோ சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று வந்து போகும் இடத்தில் இருக்கும் பிள்ளை, பார்க்காத படங்களுக்காகத் தன் டேட்டாவைச் செலவழிக்கிறது.

ஃப்ரேமைக் குறைத்தால் குரலும் விட்டுவிட்டுக் கேட்காதா?

கேட்காது. ஒரு வீடியோக் கோப்புக்குள் படமும் ஒலியும் இரண்டு தனித்தனித் தடங்களாக ஓடுகின்றன. படத்தில் செக்கனுக்கு எத்தனை ஃப்ரேம் என்பது படத் தடத்தின் கணக்கு. ஒலித் தடத்துக்கு வேறு கணக்கு, அது பெரும்பாலும் செக்கனுக்கு 48000 மாதிரிகள். ஒன்றைக் குறைப்பது மற்றதைத் தொடாது.

சுருக்கிய பிறகு குரல் கெட்டிருந்தால், அதே நேரத்தில் ஒலியின் பிட்டையும் யாரோ குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அல்லது வகுப்பு நடந்த அன்றைக்கே இணைப்பு அறுந்து அறுந்து வந்திருக்கும். அதைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

1080ஐ 360 ஆக்கிவிட்டால் இன்னும் சுலபமாகக் குறையுமே. ஏன் ஃப்ரேமில் கை வைக்கச் சொல்கிறீர்கள்?

தமிழ் எழுத்துக்காகத்தான். 1080 திரையில் ஒரு சிலைட்டில் சாதாரண அளவில் எழுதிய எழுத்தின் புள்ளி மூன்று நான்கு பிக்சல் அகலம்தான் இருக்கும். 360 ஆக்கும்போது அது ஒரு பிக்சலாகச் சுருங்குகிறது. அதன்பிறகு நடக்கும் அமுக்கத்தில் அந்த ஒன்றும் சுற்றியுள்ள வெள்ளையோடு கலந்துவிடும். புள்ளி போன மெய்யெழுத்தைப் பிள்ளை உயிர்மெய்யாக வாசிக்கும். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒரே கறையாகத் தெரியும். CO₂இன் கீழே நிற்கும் 2 காணாமல் போகும். சிவப்பு எழுத்தை நீலப் பின்னணியில் வைத்த சிலைட் என்றால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் வீடியோவில் நிறம் ஏற்கெனவே பாதித் துல்லியத்தில்தான் சேமிக்கப்படுகிறது.

ஃப்ரேமைக் குறைப்பதில் இந்த இழப்பு ஒன்றும் இல்லை. திரையில் இருக்கும் ஒவ்வொரு படமும் முழு அளவிலேயே இருக்கும். படம் மாறும் வேகம் மட்டும் குறையும். அசையாத சிலைட்டுக்கு அந்த வேகம் பயனற்றது.

வேறு வழியே இல்லை என்றால் 720 வரை இறங்கலாம். இறங்கும் முன் அந்த வகுப்பின் மிகச் சிறிய எழுத்துள்ள சிலைட்டை ஒரு சாதாரணப் போனில் திறந்து வாசித்துப் பாருங்கள்.

சரி, எத்தனை ஃப்ரேம் வைப்பது?

திரையில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

சிலைட்டும் மவுஸ் அம்பும் மட்டும் என்றால் 5 போதும். ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததுக்கும் இடையில் 200 மில்லிசெக்கன். அம்பு சற்றுத் துள்ளித் துள்ளி நகரும், ஆனால் ஆசிரியர் “இந்த இடத்தைப் பாருங்கள்” என்று சொல்லும்போது அம்பு அந்த இடத்தில்தான் நிற்கும். ஒரேயடியாக 1 ஃப்ரேமுக்கு இறங்கினால் இது குலைகிறது. சொல் ஒரு செக்கன் முன்னே போய்விட, அம்பு பிறகு வந்து சேரும். படம் வரைந்த சிலைட்டில் எந்தப் பகுதியைச் சொல்கிறார் என்று பிள்ளை தடுமாறும். 5இல் இருந்து 1க்கு இறங்கிக் கிடைக்கும் மிச்சமும் சொற்பம்தான். நான் 5க்குக் கீழே போவதில்லை.

பேனாவால் டெப்லட்டில் எழுதிக் கணக்குச் செய்யும் வகுப்பு என்றால் 10. ஐந்தில் எழுத்து முழுமையாகவே வந்துவிடும், ஆனால் கை எந்த வரிசையில் போனது என்பது தெரியாது. தொகையீட்டுக் கணக்கில் எதை முதலில் வெட்டினார், எதை எங்கே கொண்டுபோனார் என்பதும் பாடத்தின் பகுதி.

முகங்கள் பெரிதாகத் தெரியும் கூட்டம் என்றால் 15. அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பிரதேசங்களில் இருந்து பலர் கூடிக் கதைக்கும் சங்கக் கூட்டங்கள் இந்த வகை. முகத்தைப் பார்த்துக்கொண்டே குரலைக் கேட்கும்போது, வாய் அசைவு 200 மில்லிசெக்கனுக்கு ஒரு முறைதான் மாறினால், ஒலி சரியாக இருந்தாலும் பிந்தி வருவது போலவே தோன்றும். பார்ப்பவர் குரலைக் குறை சொல்வார், குறையோ படத்தில் இருக்கும்.

இன்னொரு விடயம். மூலப் பதிவின் எண்ணைச் சரியாக வகுக்கும் எண்ணையே தேர்ந்தெடுங்கள். 30இல் இருந்து 15, 10, 5. அப்போது இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று என்று ஒரே இடைவெளியில் ஃப்ரேம் எடுக்கப்படும். 30இல் இருந்து 12 என்றால் சில வேளை இரண்டு, சில வேளை மூன்று என்று தாவ வேண்டிவரும். முக அசைவில் அது நடுக்கமாகத் தெரியும். சிலைட்டில் தெரியாது.

ஓபிஎஸ்ஸில் 30ஐ 10 ஆக்கிப் பதிந்தேன். கோப்பின் அளவு ஒரு எம்.பி.கூடக் குறையவில்லை. என்ன பிழை?

ஃப்ரேமைக் குறைத்த நீங்கள் பிட் அளவை அப்படியே விட்டுவிட்டீர்கள். பலரும் இந்த இடத்தில்தான் “ஃப்ரேமைக் குறைத்துப் பயனில்லை” என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

கோப்பின் அளவு என்பது செக்கனுக்கு எத்தனை பிட் என்பதை எத்தனை செக்கன் என்பதால் பெருக்கியது. அந்தக் கணக்கில் ஃப்ரேம் நேரடியாக வருவதே இல்லை. செக்கனுக்கு 2500 கிலோபிட் எழுது என்று `CBR` முறையில் கட்டளையிட்டிருந்தால், ஃப்ரேம் 30 ஆனாலும் 10 ஆனாலும் மென்பொருள் 2500ஐ எழுதியே தீரும். அசையாத சிலைட்டில் எழுதுவதற்கு ஒன்றும் இல்லாதபோது வெறும் நிரப்பலைக்கூட எழுதும். உங்கள் கோப்பில் கணிசமான பகுதி அந்த நிரப்பலாகவே இருக்கலாம்.

செய்ய வேண்டியது, பிட்டைச் சொல்லாமல் தரத்தைச் சொல்வது. அந்த முறைக்குத் திரையில் `CRF` என்று பெயர். “இந்தத் தரம் வரும்வரை எவ்வளவு தேவையோ அவ்வளவு எழுது, தேவையில்லாத இடத்தில் எழுதாதே” என்பது அதன் பொருள். எண் கூடக் கூட அளவும் தரமும் குறையும். 23 நல்ல தரம். சிலைட் வகுப்புக்கு 26 போதுமானது. 30ஐத் தாண்டினால் எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் போலத் தெரிய ஆரம்பிக்கும். இந்த முறைக்கு மாறிய பிறகுதான் ஃப்ரேமைக் குறைத்ததன் பலன் கோப்பில் தெரியும்.

அப்போதும் 30ஐ 5 ஆக்கினால் படத்தின் அளவு ஆறில் ஒன்றாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அசையாத சிலைட்டின் ஃப்ரேம்கள் ஏற்கெனவே மிகச் சிறியவை, “முன்னையதே மீண்டும்” என்று ஒரு குறிப்பு மட்டும்தான் அவற்றில் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டாலும் பெரிதாக மிஞ்சாது. அதோடு, ஃப்ரேம் குறைந்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் நீண்ட நேரம் திரையில் நிற்பதால், மென்பொருள் அதைக் கொஞ்சம் கூடுதல் தரத்தோடு எழுதுகிறது.

உண்மையான மிச்சம் மூலையில் இருக்கும் முகத்தில் கிடைக்கிறது. இரவு வகுப்பில் ஒரு மங்கலான பல்பு வெளிச்சத்தில் வெப்கேம் எடுக்கும் படம் புள்ளி புள்ளியாக நடுங்கும். அந்த நடுக்கம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புதிது என்பதால் ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதப்பட வேண்டும். 30 முறை எழுதியதை 5 முறை எழுதினால் போதும் என்பது அங்கே பெரிய வித்தியாசம். ஆசிரியரின் முகத்துக்கு முன்னால் ஒரு நல்ல விளக்கை வைத்தாலும் கோப்பு சிறிதாகும் என்பதற்குக் காரணமும் இதுவே.

அந்த 1.8 ஜி.பி. வகுப்பை எப்படிச் சுருக்கினீர்கள்? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கும் சுருக்குவதற்கும் ffmpeg என்ற இலவச மென்பொருள் வேண்டும். விண்டோஸில் அது இல்லையென்றால் `winget install Gyan.FFmpeg` என்று கொடுத்து நிறுவிக்கொள்ளலாம். பிறகு கோப்பு இருக்கும் கோப்புறையைத் திறந்து, மேலே முகவரிப் பட்டியில் `cmd` என்று தட்டினால் கறுப்பு ஜன்னல் அந்த இடத்திலேயே திறக்கும். அதில்:

```
ffprobe -hide_banner vakuppu.mkv
```

`Duration` வரியில் `bitrate: 2660 kb/s` போல மொத்தப் பிட் தெரியும். `Video` வரியில் `1920x1080`, `30 fps`. `Audio` வரியில் `48000 Hz, stereo`. இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

முழு வகுப்பையும் உடனே போட வேண்டாம். நடுவில் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துச் செய்துபார்ப்போம்:

```
ffmpeg -ss 00:20:00 -t 120 -i vakuppu.mkv -vf fps=5 -c:v libx264 -crf 26 -preset slow -g 50 -c:a aac -ac 1 -b:a 64k sothanai.mp4
```

`fps=5` ஃப்ரேமைக் குறைக்கிறது. `-crf 26` தரம். `-g 50` பற்றிப் பின்னால் வருகிறது. `-ac 1` இரண்டு ஒலிவழிகளை ஒன்றாக்குகிறது. ஒருவர் கதைக்கும் வகுப்புக்கு இடது வலது என்று இரண்டு தேவையில்லை. `-b:a 64k` குரலுக்குச் செக்கனுக்கு 64 கிலோபிட்.

அந்த இரண்டு நிமிடத்தைப் போனில் போட்டுப் பார்த்துத் திருப்தி என்றால் முழுவதையும் போடலாம்:

```
ffmpeg -i vakuppu.mkv -vf fps=5 -c:v libx264 -crf 26 -preset slow -g 50 -c:a aac -ac 1 -b:a 64k -movflags +faststart vakuppu_5.mp4
```

கடைசியில் உள்ள `faststart`, கோப்பு முழுதாக இறங்கும் முன்பே இணையப் பக்கத்தில் ஓடத் தொடங்குவதற்கு.

இந்த வகுப்பில் படம் செக்கனுக்குச் சராசரியாக 150 கிலோபிட் அளவில் வந்து நின்றது, அதாவது சுமார் 100 எம்.பி. குரல் 43 எம்.பி. மொத்தம் 145 எம்.பி.க்குக் கிட்ட. வகுப்புக்கு நடுவே ஆசிரியர் ஒரு காணொளியை ஓடவிட்டிருந்தால் இது கூடும். முகமே இல்லாத சிலைட் என்றால் நன்றாகக் குறையும்.

பழைய லப்டொப்பாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். எழுத வேண்டிய ஃப்ரேம் ஆறில் ஒன்றுதான் என்பதால், 30 ஃப்ரேமில் சுருக்குவதைவிட இது வெகு விரைவாக முடியும்.

கட்டளை எல்லாம் எனக்கு வராது. பட்டனை அழுத்திச் செய்ய ஒன்றுமில்லையா?

ஹேண்ட்பிரேக் இருக்கிறது, இலவசம். கோப்பைத் திறந்து, `Video` பகுதியில் `Framerate` என்ற இடத்தில் 5ஐத் தேர்ந்து, பக்கத்தில் `Constant Framerate` என்பதை வையுங்கள். `Constant Quality` இல் 26. `Audio` பகுதியில் `Mixdown` என்பதை `Mono` ஆக்கி, `Bitrate` 64. `Summary` பகுதியில் `Web Optimized` என்ற பெட்டியில் சரி போடுங்கள்.

இரண்டு இடத்தில் கவனம். `720p` என்று பெயருள்ள முன்னமைப்பைத் தேர்ந்தால் அது படத்தையும் 720க்குச் சுருக்கிவிடும். அப்புறம், `Dimensions` பகுதியில் ஓரங்களைத் தானாக வெட்டும் வசதி முடுக்கப்பட்டிருக்கலாம். கறுப்புப் பின்னணி சிலைட் என்றால் அது பாடத்தின் ஓரத்தையே வெட்டிவிடக்கூடும். `Cropping` ஐ `None` ஆக்கிவிடுங்கள்.

குரலுக்கு 64 எதற்கு? 32 வைத்தால் இன்னும் குறையுமே.

குறையும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு 21 எம்.பி. சொச்சம். அந்த 21 எம்.பி.க்காகக் கொடுக்கும் விலை அதிகம்.

மேலே சொன்ன கட்டளையில் உள்ள ஏஏசி முறையில் 32 கிலோபிட்டில் குரல் தண்ணீருக்கு அடியில் இருந்து வருவது போலக் குழைய ஆரம்பிக்கும். அமைதியான அறையில், ஆசிரியர் ஒருவரே நல்ல மைக்கில் கதைத்தால் ஓரளவு தாங்கும். நமது பகுதியில் பதிவுகள் அப்படி அமைவதில்லை. மேலே காற்றாடி சுற்றும். மார்கழி மழை தகரக் கூரையில் கொட்டும். பின்னால் ஓட்டோ போகும். இந்த இரைச்சலும் ஒலிதான், அதற்கும் மென்பொருள் பிட் ஒதுக்கும். இரைச்சல் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதுதான் குரலுக்கு. ஆகவே, மழை நாளில் பதிந்த வகுப்பு என்றால் 64ஐ 96 ஆக்குங்கள். காற்றாடியின் அடித்தொனியை மட்டும் நீக்க `-af highpass=f=80` என்று சேர்க்கலாம். 80 ஹேர்ட்சுக்குக் கீழே கதைக்கும் குரலில் முக்கியமானது எதுவும் இல்லை.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. சிலர் சின்னக் கோப்பு வேண்டும் என்று மாதிரி வீதத்தையே 48000இல் இருந்து 8000 ஆக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 4000 ஹேர்ட்சுக்கு மேலுள்ள ஒலி முழுவதும் போய்விடும். உயிரெழுத்துகள் நன்றாகவே கேட்கும், அதனால் முதலில் ஒன்றும் தெரியாது. ஆனால் ச, ஸ, ஷ, ஃப போன்ற காற்றொலிகளின் அடையாளம் பெரும்பாலும் அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வகுப்பில் பெயர் கூப்பிடும்போது ஸ, ஷ, ஃப வரும் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்புவதை வைத்தே இந்தத் தவறைக் கண்டுபிடிக்கலாம். மாதிரி வீதத்தைத் தொடாமல் விடுங்கள்.

இன்னும் சிறிதாக வேண்டும் என்றால் `-crf` ஐ 26இல் இருந்து 28 ஆக்குங்கள். குரலில் எடுக்க நினைத்ததைப் படத்தில் எடுத்துக்கொள்ளலாம். சிலைட் சற்று மங்கினால் பிள்ளை புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளும். குரல் விளங்காவிட்டால் அதற்குப் பதில் வேறெங்கும் இல்லை.

சுருக்கிய பிறகு குரல் தெளிவாக இருக்கிறதா என்று எப்படித் தீர்மானிப்பது? எனக்குப் பாடம் தெரியுமே, எல்லாம் விளங்கத்தான் செய்யும்.

சரியான கேள்வி. பாடம் தெரிந்தவரின் காது விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே வகுப்பில் இல்லாத ஒருவரைக் கேட்க வையுங்கள், இயர்போனில் கேட்க வேண்டாம், போனின் சொந்த ஸ்பீக்கரில். மூன்று இடங்களைத் தேர்ந்துகொடுங்கள்: ஆசிரியர் வேகமாகக் கதைக்கும் இடம், தூரத்தில் இருந்து ஒரு மாணவி மெல்லிய குரலில் கேள்வி கேட்கும் இடம், எண்களோ கலைச்சொற்களோ தொடர்ந்து வரும் இடம். கேட்டதை எழுதச் சொல்லுங்கள். மூலப் பதிவில் அதே இடங்களையும் எழுதச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். மாணவியின் கேள்வி மூலத்திலேயே விளங்கவில்லை என்றால் அது சுருக்கியதன் குறை அல்ல.

சூமே தந்த பதிவையும் இப்படிச் சுருக்கலாமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. சூம் கணினியில் சேமிக்கும் பதிவு ஏற்கெனவே நன்றாக அமுக்கப்பட்டது. சிலைட் மட்டும் பகிர்ந்த வகுப்பு என்றால் மணித்தியாலத்துக்குச் சில பத்து எம்.பி.தான் வரும். `ffprobe` இல் மொத்தப் பிட் 200 கிலோபிட்டுக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். மீண்டும் சுருக்கப் போனால் சில வேளை கோப்பு பெரிதாகவும் ஆகும்.

முகங்கள் நிறைந்த கூட்டம் என்றால் 15 ஃப்ரேமுக்குக் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒலியை மீண்டும் அமுக்காதீர்கள். அமுக்கிய குரலை இரண்டாம் தடவை அமுக்கினால் இரண்டு சேதமும் சேரும். கட்டளையில் `-c:a aac -ac 1 -b:a 64k` என்ற பகுதியை எடுத்துவிட்டு `-c:a copy` என்று போட்டால் குரல் ஒரு பிட்டும் மாறாமல் அப்படியே வரும்.

சுருக்கிய வகுப்பு 9 மணித்தியாலம் நீண்டுவிட்டது! குரல் ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடுகிறது.

`-r 5` என்பதை `-i` க்கு முன்னால் எழுதியிருப்பீர்கள். அந்த இடத்தில் அதற்கு “மூலப் பதிவே செக்கனுக்கு 5 ஃப்ரேம்தான்” என்று பொருள். மென்பொருள் கோப்பில் இருந்த நேரக் குறிப்புகளைத் தள்ளிவிட்டு, 30 ஃப்ரேமையும் ஆறு செக்கனுக்கு இழுக்கிறது. ஒன்றரை ஆறு தடவை, ஒன்பது. மேலே தந்தது போல `-i` க்குப் பின்னால் `-vf fps=5` என்று எழுதினால் இது நடக்காது. ஃப்ரேம்கள் குறையும், நேரம் குறையாது.

வாயும் குரலும் பொருந்தவில்லை என்று யாராவது சொன்னால் தொடக்கத்திலும் கடைசியிலும் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு விலகல் என்றால் பதியும்போதே ஒலி பிந்தியிருக்கிறது. போகப் போக விலகல் கூடினால் நேரக் குறிப்புகள் குழம்பியிருக்கின்றன. மூலத்தில் இருந்து மீண்டும் சுருக்குங்கள்.

இழுத்துப் பார்க்கும்போது நான் விட்ட இடத்தில் நிற்காமல் எங்கோ போய் நிற்கிறது.

வீடியோவில் எல்லா ஃப்ரேமும் முழுப் படம் அல்ல. இடையிடையே ஒரு முழுப் படம், அதற்குப் பிறகு மாற்றங்கள் மட்டும். பல பிளேயர்கள் முழுப் படம் உள்ள இடத்துக்குத்தான் தாவும். ஒன்றும் சொல்லாவிட்டால் மென்பொருள் 250 ஃப்ரேம் வரைக்கும் அடுத்த முழுப் படத்தைத் தள்ளிப்போடும். 30 ஃப்ரேமில் அது 8 செக்கன், கவலையில்லை. 5 ஃப்ரேமில் 50 செக்கன். பரீட்சைக்கு முதல் நாள் ஒரு வசனத்தைத் தேடும் பிள்ளைக்கு அது பெரிய இடைஞ்சல். கட்டளையில் உள்ள `-g 50` அதை 10 செக்கன் ஆக்குகிறது. இதற்காகச் சில எம்.பி. கூடும். பிள்ளைகள் தேடித் தேடிப் பார்க்கும் பதிவு என்பதால் அது நியாயமான செலவு.

ஒரு பக்கக் காதில் மட்டும்தான் கேட்கிறது.

மைக் இடது வழியில் மட்டும் பதிந்திருக்கிறது. `-ac 1` இரண்டையும் கலப்பதால் இரு காதிலும் கேட்கும், ஆனால் வெறும் வலது வழியோடு கலந்து சத்தம் பாதியாகும். அதற்குப் பதில் `-af "pan=mono|c0=c0"` என்று போட்டால் இடது வழியை மட்டும் முழுச் சத்தத்தோடு எடுக்கும்.

வட்ஸ்அப்பில் போட்டால் மீண்டும் மங்கிவிடுகிறது.

கலரியில் இருந்து வீடியோவாகத் தெரிவு செய்தால் வட்ஸ்அப் தன் பங்குக்கு மறுபடி அமுக்கும். டொகியுமென்ட் என்ற வழியால் அனுப்புங்கள். 2 ஜி.பி. வரை போகும், ஒரு பிட்டும் மாறாது.

எச்.265 என்ற அமுக்க முறையில் போட்டால் இன்னும் சிறிதாகுமாமே?

ஆகும். பழைய போன்களில் ஓடாமல் போகலாம், அல்லது ஓடி பற்றரியைத் தின்னும். யாரிடம் என்ன போன் இருக்கிறது என்று தெரியாத வகுப்புக்கு மேலே உள்ள கட்டளையில் இருக்கும் எச்.264ஐயே நான் வைப்பேன்.

எங்கள் வகுப்பில் காது சரியாகக் கேட்காத மாணவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கும் இதே கோப்பைக் கொடுக்கலாமா?

வேண்டாம். உதட்டசைவைப் பார்த்து விளங்கிக்கொள்பவருக்கும் சைகை மொழியில் பார்ப்பவருக்கும் படம்தான் பேச்சு. 20 ஃப்ரேமுக்குக் கீழே போனால் விரலின் வேகமான அசைவுகளும் உதட்டின் சின்ன மாற்றங்களும் இடையில் விழுந்துபோகும். அவருக்கு ஃப்ரேமைத் தொடாமல், `-vf fps=5` ஐ எடுத்துவிட்டு அதே `-crf` முறையில், `-g` ஐ 250 ஆக்கி இன்னொரு கோப்பு செய்யுங்கள். ஓபிஎஸ்ஸின் நிரப்பல் போய்விடுவதாலேயே அதுவும் மூலத்தைவிட வெகுவாகச் சிறியதாக இருக்கும். முகச் சதுரம் மூலையில் மிகச் சிறியதாக இருந்தால் ஃப்ரேம் எத்தனை இருந்தும் உதடு தெரியாது. ஆகவே பதியும்போதே அதைப் பெரிதாக வைக்கச் சொல்லுங்கள்.

இனிப் பதியும்போதே சரியாகப் பதிய என்ன செய்வது?

ஓபிஎஸ்ஸில் `Settings` க்குப் போய், `Output` பகுதியின் மேலே `Output Mode` ஐ `Advanced` ஆக்கி, `Recording` இல் x264ஐத் தேர்ந்து, `Rate Control` ஐ `CRF` ஆக்குங்கள், எண் 23. `Video` பகுதியில் ஃப்ரேமை 10 ஆக்குங்கள். முகங்கள் பெரிதாகத் தெரியும் கூட்டத்துக்கும், காது சரியாகக் கேட்காத மாணவர் இருக்கும் வகுப்புக்கும் மட்டும் 30ஐயே விடுங்கள். 5 வைக்காமல் 10 வைக்கச் சொல்வது, பதிவில் இல்லாத ஃப்ரேமைப் பிறகு திரும்பப் பெற முடியாது என்பதால். அன்றைக்குத் திடீரென்று பேனாவால் எழுதிக் காட்ட வேண்டி வரலாம். அனுப்பும்போது 5 ஆக்கிக்கொள்ளலாம். ஒலிக்கு 160ஐ அப்படியே விடுங்கள்.

பதியும் வடிவம் `mkv` ஆக இருக்கட்டும். சாதாரண `mp4` கோப்பின் அட்டவணை கடைசியில்தான் எழுதப்படுகிறது. வகுப்பின் எண்பதாவது நிமிடத்தில் கரண்ட் போனால் முழுக் கோப்பும் திறக்காது. `mkv` என்றால் கரண்ட் போன செக்கன் வரைக்கும் பதிந்தது இருக்கும், மேலே உள்ள கட்டளை அதை அப்படியே எடுத்து `mp4` ஆக்கித் தரும்.